மெதுவாக ஓட்டினும் புலப்படாத மாயம்

செப்பிடுவித்தைப் பாடத்தைச் சலனப்படமாக்க விரும்புவோருக்கு

வித்தைக்காரரின் கை நம் கண்ணைவிட விரைவானது என்பது நெடுநாளாக வழங்கிவரும் நம்பிக்கை. அவர் மிக வேகமாகச் செய்துவிடுவதாற்றான் சூழ்ச்சி நமக்குப் புலப்படவில்லை. அதையே மெல்ல மெல்லச் செய்துகாட்டச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று எண்ணுகிறோம். இன்று கைத்தொலைபேசியிற் பிள்ளைகள் கண்டு மகிழும் வித்தைப் பாடப் படங்களும் இந்த எண்ணத்தை ஒட்டியே பெரும்பாலும் அமைகின்றன. முதலில் வித்தை நடைபெறும். பின்னர் அதே காட்சி மெதுவாக ஓடும். ஈற்றில் ஒரு குரல் விளக்கம் கூறும்.

இந்த அமைப்பிற் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வித்தையின் சூழ்ச்சி கையில் இல்லாது, படத்தை வெட்டி ஒட்டிய இடத்தில் இருக்குமானால், மெதுவாக ஓட்டுவதால் யாதொரு பயனும் விளையாது. விரைவாக நடந்த ஒன்றை மெதுவாக்கலாம். நடந்த இடமே நீக்கப்பட்டிருக்கும்போது எதனை மெதுவாக்குவது? இரண்டு படங்களுக்கு இடையேயுள்ள வெட்டுக்குக் கால அளவு கிடையாது. அதனை நான்கு மடங்கு மெதுவாக்கினாலும் நாற்பது மடங்கு மெதுவாக்கினாலும் அது சூனியமாகவே இருக்கும்.

ஆகவே, வெட்டிலே சூழ்ச்சியை மறைத்து, அதன்பின் அச்சூழ்ச்சியை உண்மையாகக் கற்பிக்கும் ஒரு பாடப் படத்துக்கு எழுத்துப் பிரதி எவ்வாறு அமையவேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். அதற்கு முன்னர், கையின் மறைவுக்கும் வெட்டின் மறைவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்துகொள்வது நலம்.

இருவகை மறைவுகள்

நாணயத்தை மறைக்கும் பழைய வித்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலைநாட்டார் இதனைப் 'பிரெஞ்சு விழுத்தல்' என்பர். வித்தைக்காரர் ஒரு நாணயத்தை இடக்கையின் பெருவிரல் நுனிக்கும் மற்றை விரல்களின் நுனிகளுக்கும் இடையே பிடித்திருப்பார். வலக்கை அதனை எடுக்க வரும். வலக்கைப் பெருவிரல் நாணயத்தின் கீழாகப் புகும். அக்கையின் ஏனைய விரல்கள் முன்புறத்தைத் திரைபோல மறைக்கும். அந்தக் கணத்தில் இடக்கைப் பெருவிரலின் பிடி தளரும். நாணயம் இடது உள்ளங்கையில் ஓசையின்றி விழும். வலக்கையோ நாணயத்தைப் பற்றிக்கொண்டதுபோல மூடி அப்பாற் செல்லும். வித்தைக்காரரின் கண்களும் அந்த வெறுங்கையையே பின்தொடர்ந்து செல்லும்.

இவ்வித்தையில் வேகம் என்பது ஏறக்குறைய இல்லை. நன்கு பயின்றவர் இதனை ஆறுதலாகவே செய்வார். எனவே முன்னாலிருந்து எடுத்த படத்தை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும், நாணயம் விழும் இடத்தை வலக்கை விரல்கள் மறைத்துக்கொண்டே இருக்கும். கமராவை வித்தைக்காரரின் தோளுக்குப் பின்னே வைத்து மீண்டும் ஒருமுறை எடுத்தாற்றான் நாணயம் விழுவது தெரியும். கையின் மறைவை வெளிப்படுத்துவது வேகக் குறைப்பு மட்டுமன்று. பார்க்கும் இடத்தை மாற்றுவதே அதற்கு உகந்த வழி.

வெட்டின் மறைவு இதற்கு நேர் மாறானது. அங்கே கமராவை எந்தப் பக்கம் வைத்தாலும் பயனில்லை. மறைக்கப்பட்டிருப்பது ஓர் இடம் அன்று, ஒரு காலத்துண்டு. அந்தக் காலத்துண்டைத் திருப்பி வைத்தாலொழிய வெட்டின் சூழ்ச்சி விளங்காது. இந்த ஒரு விதியே பாடப் படத்தின் உயிர். இதனை நன்கு அறிந்துகொள்ள, இந்தச் சூழ்ச்சி புகழ்பெறத் தொடங்கிய காலத்துக்குச் சற்றுச் சென்று வருவோம்.

பாரிஸ் நகரில், 1896 ஆம் ஆண்டில்

ஜோர்ஜ் மெலியேஸ் என்பவர் பாரிஸ் நகரத்து வித்தைக்காரர். 1888 ஆம் ஆண்டில் ரொபேர்-ஊடன் அரங்கை விலைக்கு வாங்கி, அங்கே செப்பிடுவித்தைக் காட்சிகளை நடத்திவந்தார். 1895 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆந் திகதி லூமியேர் சகோதரர் தம் சலனப்படங்களைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டியபோது, அங்கே கூடியிருந்தவர்களுள் இவரும் ஒருவர். அடுத்த ஆண்டிலே தாமும் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

அக்காலத்தில் மேடைகளிற் பெரும்பேர் பெற்றிருந்த வித்தை ஒன்று உண்டு. 1886 ஆம் ஆண்டில் புவாத்தியே த கொல்தா என்னும் வித்தைக்காரர் அதனை அரங்கேற்றினார். மேடையில் ஒரு செய்தித்தாள் விரிக்கப்படும். அதன்மேல் ஒரு கதிரை வைக்கப்படும். ஒரு பெண் அதில் அமர்வாள். மெல்லிய பட்டுத்துணியால் அவளை மூடி, துணியை எடுத்ததும் பெண்ணைக் காணோம்! கீழே செய்தித்தாள் விரித்திருப்பதைக் கண்டவர்கள், மேடையிற் கதவு ஒன்றும் இருக்கமுடியாது என்று நம்பினார்கள். உண்மையில் அவர்கள் நம்பிய அந்தச் செய்தித்தாளிலேயே சூழ்ச்சி இருந்தது. மேடைக் கதவுக்கு ஒத்தவாறு அதிலும் ஒரு வாயில் வெட்டப்பட்டிருந்தது.

மெலியேஸ் 1896 ஆம் ஆண்டில் இந்த வித்தையைப் படமாக எடுத்தார். மேடை போன்ற பின்னணி ஒன்று அமைக்கப்பட்டது. அவரது அரங்கில் நடித்துவந்த ஜான் தால்சி என்னும் நடிகை கதிரையில் அமர்ந்தார். மெலியேஸ் தாமே வித்தைக்காரராகத் தோன்றினார். செய்தித்தாள், கதிரை, துணி யாவும் மேடையில் உள்ளபடியே இருந்தன. ஆனால் கீழே கதவு மட்டும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. பெண்ணைத் துணியால் மூடிய பின் கமராவின் கைப்பிடியைச் சுற்றுவது நிறுத்தப்பட்டது. மெலியேஸ் அசையாது நின்றார். நடிகை எழுந்து அப்பாற் சென்றார். மீண்டும் கைப்பிடி சுற்றப்பட்டது. படத்தைக் காண்பவருக்கோ, துணியை எடுத்த கணத்தில் பெண் காற்றிற் கரைந்துவிட்டாள். அதன்பின் அவர் கையை வீசினார். வெறுங்கதிரையில் ஓர் எலும்புக்கூடு தோன்றியது. அதனைத் துணியால் மூடி எடுத்ததும் பெண் மீண்டும் வந்து அமர்ந்திருந்தாள்.

பாரிஸ் வீதியொன்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது கமரா சிக்கிக்கொண்டதாகவும், அதனைச் சரிசெய்து மீண்டும் சுற்றிய படத்தில் பயணிகள் வண்டியொன்று பிணவண்டியாக மாறித் தோன்றியதாகவும், அவ்வாறே இந்தச் சூழ்ச்சி தமக்குத் தெரியவந்ததாகவும் மெலியேஸ் பிற்காலத்தில் எழுதினார். கதை சுவையானதே. எனினும் அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்தார் 1895 ஆம் ஆண்டிலேயே, ஸ்கொத்லாந்து அரசி மேரியின் சிரச்சேதத்தைக் காட்டும் சிறு படமொன்றில், நடிகருக்குப் பதிலாகப் பொம்மையை வைத்து இதே முறையைக் கையாண்டிருந்தனர்.

கமராவை நிறுத்தித் தொடங்கினால் மட்டும் போதும் என்று நாம் எண்ணிவிடலாகாது. கையாற் சுற்றும் கமரா நிற்கும்போதும் மீண்டும் தொடங்கும்போதும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒளி கூடுதலாக விழும், அப்படங்கள் வெளிறிப்போகும். அவற்றைக் கத்தரித்து எறிந்துவிட்டு, நல்ல படங்களின் விளிம்புகளைப் பொருத்தி ஒட்டவேண்டியிருந்தது. மெலியேஸின் படச்சுருள்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், மாயம் நிகழும் இடங்களில் இத்தகைய ஒட்டுகளைக் கண்டறிந்துள்ளனர். ஆகவே, நிறுத்தியதனால் மட்டுமன்றி வெட்டியதனாலும் பிறந்த மாயம் அது.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நடிகை எழுந்து நடந்து சென்றபோது கமரா நின்றிருந்தது. அந்த நடை படச்சுருளிற் பதியவே இல்லை. எனவே மெலியேஸ் விரும்பியிருந்தாலும் தம் வித்தையைப் படத்தின் வாயிலாகவே வெளிப்படுத்திக் காட்டியிருக்கமுடியாது. திருப்பி வைப்பதற்கு அவரிடம் காலத்துண்டு இல்லை. பாடம் எடுக்க விரும்பும் நாம் இந்த இடத்தில் அவருடைய முறையைக் கைவிடவேண்டும். கமராவை நிறுத்தலாகாது. அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். வெட்டைப் பின்னர் செய்துகொள்ளலாம். வெட்டி எடுத்த துண்டே நம் பாடம்.

பேணியும் தேசிக்காயும்

வீட்டிலே எளிதிற் செய்யத்தக்க ஒரு வித்தையை எடுத்துக்கொள்வோம். மேசையில் விரித்த செய்தித்தாளின்மேல் ஒரு பத்து ரூபா நாணயம் வைக்கப்படுகிறது. அதன்மேல் ஒரு பேணி கவிழ்க்கப்படுகிறது. பேணியைத் தூக்கினால் நாணயத்தைக் காணோம்; அங்கே ஒரு தேசிக்காய் இருக்கிறது.

அண்ணன் வித்தை செய்கிறான், தங்கை உதவுகிறாள் என வைத்துக்கொள்வோம். மேசை யன்னலோரமாக இருக்கவேண்டும். வெளிச்சம் அண்ணனின் வலப்பக்கத்திலிருந்து வரவேண்டும். தங்கை இடப்பக்கத்தில், கமராவின் பார்வைக்கு வெளியே குந்தியிருப்பாள். அவ்வாறிருந்தால் அவளுடைய நிழல் மேசையில் விழாது. கைத்தொலைபேசியை நூல்களை அடுக்கி அதன்மேல் அசையாதபடி நிறுத்தி, மேசையும் அண்ணனின் முழங்கைவரையான கைகளும் மட்டும் தெரியும்படி வைக்கவேண்டும். முகம் படத்தில் வரலாகாது. அசையாதிருக்க எவ்வளவு முயன்றாலும் இமைகள் இமைக்கும். தலை சற்றேனும் ஆடும்.

செய்தித்தாளின் நான்கு மூலைகளையும் ஒட்டுநாடாவால் மேசையோடு ஒட்டிவிடவேண்டும். கொல்தாவின் செய்தித்தாள் போலவே நம்முடையதும் இரகசியமாக ஒரு தொழிலைச் செய்யப்போகிறது. பேணியைத் தூக்கி மீண்டும் வைக்கும்போது அது பழைய இடத்திலேயே நிற்கவேண்டும். பேணியின் விளிம்பு எந்தத் தலைப்பின் எந்த எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதைத் தங்கை மனத்திற் கொண்டால், மயிரிழை பிசகாமல் அதனைத் திருப்பி வைத்துவிடலாம். காண்பவருக்கு அது வெறுஞ் செய்தித்தாள்; அவளுக்கு அது அளவுகோல்.

பேணி பளபளப்பான வெள்ளியாகவோ பித்தளையாகவோ இருக்கக்கூடாது. வளைந்த கண்ணாடிபோல அது அறை முழுவதையும் காட்டும். ஒளிந்திருக்கும் தங்கையையும் காட்டிக்கொடுத்துவிடும். மங்கலான பிளாத்திக்குப் பேணி நன்று. அன்றேல் கடதாசி சுற்றிய பேணியும் போதும்.

எழுத்துப் பிரதி

முதலில், நிறுத்தாமல் 40 செக்கனுக்கு ஓடும் ஒரே படத்தை எடுக்கவேண்டும். அதில் நடப்பவை வருமாறு:

தொடக்கம் முதல் 5 செக்கன் வரை: அண்ணன் வெறுங்கைகளையும் வெறும் பேணியையும் காட்டுகிறான்.

5 முதல் 8 வரை: நாணயத்தை வைத்துப் பேணியால் மூடுகிறான்.

8 முதல் 12 வரை: வலக்கை பேணியின் மேலாக ஒருமுறை சென்று, பேணிக்கு வலப்புறமாகச் செய்தித்தாளின்மீது அமர்கிறது. 12 ஆவது செக்கனிற் கை சிலைபோல நின்றுவிடுகிறது.

12 முதல் 26 வரை: கை அசையவில்லை. தங்கை இடப்பக்கமாகக் கையை நீட்டிப் பேணியைத் தூக்குகிறாள், நாணயத்தை எடுக்கிறாள், தேசிக்காயை வைக்கிறாள், பேணியை அதே எழுத்தைத் தொடுமாறு கவிழ்க்கிறாள், ஒதுங்குகிறாள்.

26 முதல் 30 வரை: தங்கை ஒதுங்கியதும் அண்ணனின் கை எழுந்து பேணியை நோக்கிச் செல்கிறது.

30 முதல் 40 வரை: பேணியைத் தூக்குகிறான். தேசிக்காயையும் பேணியின் உட்புறத்தையும் காட்டுகிறான்.

பேணியின் மேல் அந்தரத்திற் கையை வைத்திருக்காமல் மேசையில் ஊன்றி வைப்பதற்குக் காரணம் உண்டு. 14 செக்கனுக்கு அந்தரத்தில் நிற்கும் கை கட்டாயம் நடுங்கும், அல்லது தாழும். மேசையில் ஊன்றிய கை தாழாது. மேலும், தங்கை பேணியைத் தூக்குவதற்கும் இடம் வேண்டுமன்றோ?

இந்த ஒரே படத்திலிருந்து பாடத்தின் மூன்று பகுதிகளும் பிறக்கின்றன.

முதற்பகுதி, மறைப்பு. 12 ஆவது செக்கனுக்கும் 26 ஆவது செக்கனுக்கும் இடைப்பட்டதை நீக்கி ஒட்டுகிறோம். 40 செக்கன் படம் 26 செக்கனாகிறது. குரல்: "இதோ நாணயம். இதோ வெறும் பேணி. மூடுகிறேன். இப்பொழுது பாருங்கள்!"

இரண்டாம் பகுதி, மெதுவான மறுகாட்சி. வெட்டுக்கு முன் ஒரு செக்கனையும் பின் ஒரு செக்கனையும் எடுத்து, நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினால் 8 செக்கன் ஆகும். குரல்: "மெதுவாகக் காட்டுகிறோம். ஏதாவது தெரிகிறதா? தெரியாது. கை பேணியைத் தொடவே இல்லை." பின்னர் வெட்டுக்கு முந்திய கடைசிப் படத்தையும் பிந்திய முதற்படத்தையும் 3 செக்கன் வீதம் அசையாமல் நிறுத்திக் காட்டுகிறோம். கைத்தொலைபேசி ஒரு செக்கனுக்கு 30 தனிப்படங்களை எடுக்குமாயின், முதலாவது 360 ஆவது படம். அடுத்தது 781 ஆவது படம். குரல்: "இவ்விரண்டு படங்களும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் இவற்றுக்கு நடுவே 420 படங்கள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டோம்."

மூன்றாம் பகுதி, விளக்கம். 40 செக்கன் படம் வெட்டாமல் முழுமையாக ஓடுகிறது. 12 ஆவது செக்கனிற் குரல் சொல்கிறது: "இங்கேதான் நான் அசையாமல் நிற்கிறேன். தங்கச்சி, நீ வரலாம்." தங்கையின் கை தோன்றுகிறது. அவள் குரலும் சேர்கிறது: "அண்ணா, 'செய்திகள்' என்ற சொல்லின் முதலெழுத்தைத் தொட்டு வைத்துவிட்டேன். இனிக் கையை எடுங்கள்."

எல்லாம் சேர்ந்து 80 செக்கன். இரண்டாம் பகுதியில் மெதுவான காட்சி எதனையும் வெளிப்படுத்தாது தோற்றுப்போவதை வேண்டுமென்றே காட்டியிருக்கிறோம். வேகம் அன்று, வெட்டே காரணம் என்பதைச் சொல்லாலன்றிக் கண்ணாலேயே பிள்ளைகள் அறிந்துகொள்வதற்காகவே அந்தத் தோல்வி அங்கே இடம்பெறுகிறது. அதனை விட்டுவிட்டு நேரே விளக்கத்துக்குச் சென்றால் பாடத்திற் பாதி போய்விடும்.

பிழைகள் எங்கே தோன்றும்?

ஒட்டு நன்றாக அமைந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. 360 ஆவது படத்தையும் 781 ஆவது படத்தையும் திரையில் மாறி மாறி விரைவாகக் காட்டிப் பார்க்கவேண்டும். எது இடம் பெயர்ந்ததோ அது மட்டும் துள்ளும். பேணி துள்ளினால் தங்கை எழுத்தைத் தவறவிட்டுவிட்டாள். செய்தித்தாள் துள்ளினால் ஒட்டுநாடா விட்டுவிட்டது. எல்லாமே ஒன்றாகத் துள்ளினால் கைத்தொலைபேசி அசைந்துவிட்டது; முழுவதையும் மீண்டும் எடுக்கவேண்டியதுதான்.

விரல் மட்டும் சிறிதளவு துள்ளினால் வருந்த வேண்டாம். 26 ஆவது செக்கனிற் கை எழத் தொடங்கும் அந்தக் கணத்தைத் தேடி, அசைவின் முதற்படத்தோடு ஒட்டைப் பொருத்தவேண்டும். நின்ற கை நகரத் தொடங்குகிறது என்றே காண்பவர் எண்ணிக்கொள்வர். அசைவு ஒட்டை மறைத்துவிடும். அசைவற்ற படத்தை அசைவற்ற படத்தோடு ஒட்டினாலோ மிகச் சிறு துள்ளலும் கண்ணை உறுத்தும்.

அடுத்தது வெளிச்சம். கைத்தொலைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் இயல்புடையது. தங்கையின் வெண்ணிறச் சட்டைக் கை உள்ளே வந்ததும் அது படத்தை இருளச் செய்யும். அவள் சென்ற பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பச் சற்று நேரம் எடுக்கும். அதன் விளைவாக ஒட்டின் இருபுறமும் வெவ்வேறு வெளிச்சமாகிவிடும். படமெடுக்கத் தொடங்குமுன் திரையிற் பேணியின் உருவத்தின்மீது விரலை அழுத்திப் பிடித்திருந்தால், பல கைத்தொலைபேசிகளில் ஒளியும் குவியமும் பூட்டப்பட்டுவிடும். அதன்பின் அவை மாறமாட்டா. ஆனால் மேகத்தை யாராலும் பூட்டமுடியாது. அந்த 14 செக்கனுக்குள் முகில் ஒன்று சூரியனை மறைத்தால் பேணியின் நிழல் திடீரென மங்கும். ஆகவே நன்றாக வெளித்த வானமோ, ஒரேயடியாக மூடிய வானமோ இருக்கும் நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

இனி ஒலி. மறைவான ஒட்டைக் கண் தவறவிட்டாலும் காது பிடித்துவிடும். வெளியே கரைந்த காகத்தின் குரல் பாதியில் அறுந்துபோனால், அல்லது தெருவிற் சென்ற பஸ்ஸின் இரைச்சல் திடுமென நின்றுபோனால், அங்கே ஏதோ நீக்கப்பட்டது என்பதைச் சிறுபிள்ளையும் உணரும். ஆதலால் படத்தோடு பதிந்த ஒலியை முதற்பகுதியில் முற்றாக நீக்கிவிட்டு, குரலைத் தனியே பதிவுசெய்து சேர்க்கவேண்டும்.

கை வித்தைகளுக்கு மெதுவான காட்சி எடுப்போர் மற்றுமொன்றையும் கவனிக்கவேண்டும். செக்கனுக்கு 30 படங்களாக எடுத்ததை நான்கு மடங்கு மெதுவாக்கினால், அசைவு விட்டுவிட்டுத் தத்தித் தத்திச் செல்லும். செக்கனுக்கு 120 படங்களாக எடுத்து 30 படங்களாக ஓட்டினாற்றான் அது வழுக்கிச் செல்லும். ஆனால் 120 படங்களாக எடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் ஒளி குறைவு. மேலும், நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை சுழல்வதால் மின்குமிழ்கள் பலவற்றின் ஒளி செக்கனுக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. மெதுவான படத்தில் வெளிச்சம் விட்டுவிட்டுத் துடிப்பது தெளிவாகத் தெரியும். யன்னல் வெளிச்சத்தை நாம் வற்புறுத்துவது இதனாலுமே.

சொல்லத்தக்கதும் சொல்லத்தகாததும்

படத்தை வெட்டி ஏமாற்றலாம் என்பது எல்லோருக்கும் தெரியவந்த பின்னர், மெய்யாகவே கைத்திறன் உள்ள வித்தைக்காரருக்கு ஓர் இடர் நேர்ந்தது. அவர் எதைச் செய்தாலும் "இது கமராவின் வேலை" என்று காண்பவர் ஒதுக்கிவிடலாம். 1960 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மார்க் வில்சன் என்பவர் தொடர் வித்தைக் காட்சியொன்றைத் தொடங்கியபோது, இதற்காகவே சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டார். காட்சிக்கூடத்தில் நேரிற் காண்போர் அமர்ந்திருந்தனர். வித்தை நடக்கும்போது கமரா அதனைவிட்டு வேறு பக்கம் வெட்டிச் செல்வதில்லை. வீட்டிலிருந்து பார்ப்பவர்கள், கூடத்தில் இருப்பவர்கள் காண்பதையே தாமும் காண்கிறோம் என்று நம்பமுடிந்தது. அந்த நம்பிக்கையின்றேல் திரையில் எந்தக் கைத்திறனுக்கும் மதிப்பில்லை.

நம் முதற்பகுதியில் "இப்பொழுது பாருங்கள்" என்று அண்ணன் சொல்கிறான். அது வித்தைக்காரருக்கு உரிய சொல். ஆனால் "இதில் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை" என்று அவன் ஒருபோதும் சொல்லலாகாது. காட்சியால் மயக்குவது வித்தை. வாயால் உறுதிகூறி ஏமாற்றுவது பொய். பின்னால் உண்மையை வெளிப்படுத்தப்போகிறோமே என்று சமாதானம் சொல்லவும் இயலாது. முதற்பகுதியில் ஒருமுறை பொய்யுரைத்த குரலே மூன்றாம் பகுதியில் விளக்கமும் கூறுகிறது. அந்த விளக்கத்தைப் பிள்ளைகள் எவ்வாறு நம்புவார்கள்?

மற்றுமோர் ஆபத்தும் உண்டு. கைத்தொலைபேசியில் உலவும் படங்கள் முழுமையாக உலவுவதில்லை. யாரோ ஒருவர் முதல் 26 செக்கனை மட்டும் துண்டித்து நண்பருக்கு அனுப்பிவிடுவார். அதனைக் கண்ட ஒரு சிறுவன், இது கைப்பழக்கத்தால் வரும் வித்தை என்று நம்பி, வீட்டிலே பேணியோடும் தேசிக்காயோடும் நாட்கணக்காக மல்லாடுவான். வராததை எவ்வாறு பழகுவது? தன் விரல்கள் வழங்கவில்லை என்று மனம் சோர்ந்து, உண்மையிற் பழகக்கூடிய பிரெஞ்சு விழுத்தலையும் கைவிட்டுவிடக்கூடும்.

இதனைத் தடுக்க ஒரு வழியுண்டு. ஒரு சிறிய அட்டையில் 'வெட்டு வித்தைப் பாடம், முதற்பகுதி' என எழுதி, மேசையின் மூலையிற் படம் முழுவதும் தெரியும்படி நிறுத்திவைக்கலாம். துண்டித்து அனுப்பினாலும் அட்டை கூடவே செல்லும். இன்ன இடத்தில் வெட்டு உள்ளது என்று அது காட்டிக்கொடுக்காது. வெட்டு உண்டு என்பதை மட்டும் அறிவிக்கும். உண்டு என்று தெரிந்திருந்தும் எங்கே என்று கண்டுபிடிக்கமுடியாதிருப்பது காண்பவருக்கு இன்னும் சுவையூட்டும்.

படத்தை வெட்டி முடித்த பின்னர், பலர் செய்யும் முதல் வேலை மூலப் படத்தை அழித்துவிடுவதே. கைத்தொலைபேசியில் இடம் போதவில்லை என்பர். வித்தை மட்டும் காட்டுவோர் அழித்துவிடட்டும். பாடம் காட்டுவோருக்கோ அந்த 14 செக்கன்களே கைம்முதல். தங்கையின் கை உள்ளே வந்து, நாணயத்தை எடுத்து, தேசிக்காயை வைத்து, பேணியைப் பழைய எழுத்தின்மேற் கவிழ்த்துச் செல்லும் அந்தச் சிறு துண்டு இல்லையேல், எத்தனை மெதுவாக ஓட்டினாலும் நாணயம் போன வழி யாருக்கும் தெரியப்போவதில்லை.